ஹெட்செட்டும் இரண்டு கொன்ட்ரோலரும் போதுமா? வி.ஆரில் முழு உடம்பு அவதாரை நிறுத்தும் வழி

மட்டக்களப்பில் நாங்கள் சிலர் சேர்ந்து வடமோடிக் கூத்து அரசன் ஒருவனை வி.ஆருக்குள் கொண்டுவந்தோம். ஹெட்செட்டைப் போட்டவர் கையைத் தூக்கினால் அரசன் வாளைத் தூக்குவான், திரும்பினால் அவனும் திரும்புவான். உடம்பில் ஒட்டுகிற சென்சர், கமரா எதுவும் கிடையாது. தலையில் ஒரு ஹெட்செட், கையில் இரண்டு கொன்ட்ரோலர், அவ்வளவுதான். யூடியூபில் இதற்கு வீடியோக்கள் நிறைய இருக்கின்றன, ஆனால் எல்லாமே "இதை இழுத்து அதில் போடு" என்று ஓடிவிடும், முழங்கை ஏன் வெடுக்கென்று சுழல்கிறது, கீழே பார்த்தால் ஏன் அவதார் குந்துகிறது என்று யாரும் நின்று சொல்வதில்லை. அந்த இடங்களில் நாங்கள் பட்டபாடு உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒரு விஷயத்தை முதலே மனதில் வையுங்கள். கருவிகளிடமிருந்து கிடைப்பது மூன்றே இடங்களின் தகவல்: ஒவ்வொன்றுக்கும் எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பது மட்டும். தோள், முழங்கை, இடுப்பு, முழங்கால், பாதம் எல்லாம் ஊகம். அந்த ஊகத்தைப் போடுவதுதான் இன்வெர்ஸ் கைனமேட்டிக்ஸ், சுருக்கமாக ஐகே: கை நுனி இங்கே இருக்க வேண்டும் என்று சொன்னால் நடுவில் உள்ள மூட்டுகள் எவ்வளவு மடங்க வேண்டும் என்று அது பின்னோக்கிக் கணக்குப் பார்க்கும். நீங்கள் கொடுக்கும் அளவு பிழைத்தால் ஊகமும் பிழைக்கும், பிழை தெரிவதோ முழங்கையிலும் முழங்காலிலும்தான். ஆகவே முழங்கை கோணலாக நின்றால் முழங்கையைத் திருத்தப் போகாதீர்கள், முதலில் 3ஆம், 4ஆம் படிகளுக்குத் திரும்பிப் போங்கள்.

## 1. கணக்குகள், காசு, நேரம்

மென்பொருளுக்குக் காசு தேவையில்லை. விளையாட்டும் வி.ஆரும் உருவாக்கும் மென்பொருளான யூனிட்டியின் பெர்சனல் பதிப்பு, ஆண்டு வருமானம் 200,000 டொலருக்குள் இருக்கும்வரை இலவசம், அதற்கு மேல் சம்பாதித்தால் எனக்கும் சொல்லுங்கள். அவதாரைத் திருத்த பிளெண்டர் இலவசம். ஆயத்த உருவங்களுக்கு மிக்ஸாமோ இலவசம், அதற்கு ஒரு அடோபி கணக்கு மட்டும் வேண்டும். ஐகே செய்ய யூனிட்டியின் சொந்தப் பொதியான `Animation Rigging` போதும். காசு கொடுத்து வாங்குகிற `Final IK` என்ற பொதிக்குள் `VRIK` என்று ஒன்று உண்டு, முதுகெலும்பையும் காலடியையும் அதுவே பார்த்துக்கொள்ளும், நல்ல பொருள்தான். ஆனால் முதலில் இலவச வழியில் ஒருமுறை செய்து பாருங்கள், இல்லாவிட்டால் அதில் உள்ள ஸ்லைடர்கள் ஒவ்வொன்றும் எதற்கு என்றே விளங்காது.

டவுன்லோட் பெரிது. யூனிட்டியோடு ஆண்ட்ரொய்ட் பில்ட் மொடியூலும் சேர்ந்தால் பல ஜிபி போகும், வீட்டு இணைப்பில் இரவு டேட்டா இருந்தால் படுக்கும்போது போட்டுவிடுங்கள்.

செலவு முழுவதும் ஹெட்செட்டில். இங்கே பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து யாராவது கொண்டுவந்து தருவார்கள், அல்லது பழையது வாங்குவோம். பார்சலில் எடுப்பதென்றால் உள்ளே லித்தியம் பற்றரி இருக்கிறது, ஏற்றுகிறார்களா என்று முதலே கேளுங்கள். சுங்கத்துக்குக் காட்ட வாங்கிய பற்றுச்சீட்டையும் பத்திரமாக வையுங்கள்.

மெட்டா நிறுவனத்தின் குவெஸ்ட் ஹெட்செட்டைப் பழையதாக வாங்குபவர்களுக்கு ஒரு பொறி இருக்கிறது. நீங்கள் எழுதிய செயலியை அதில் ஏற்ற டெவலப்பர் மோட் வேண்டும். அதை இயக்க, அந்த ஹெட்செட்டின் பிரதான கணக்கு உங்களுடையதாக இருக்க வேண்டும், மெட்டாவில் டெவலப்பராகப் பதிந்து, தொலைபேசி வழி இரட்டைச் சரிபார்ப்பாலோ வங்கி அட்டையாலோ உறுதிப்படுத்தியும் இருக்க வேண்டும். விற்பவரின் கணக்கு உள்ளே இருந்தால் ஒன்றும் நடக்காது. காசு கொடுக்குமுன் அவர் முன்னாலேயே பேக்டரி ரீசெட் செய்து, உங்கள் கணக்கால் திறந்து பாருங்கள். குவெஸ்ட் 2, 3 கொன்ட்ரோலர்களுக்கு ஆளுக்கொரு ஏஏ பற்றரி போகும். சோதனை நாட்களில் அது சீக்கிரம் தீரும், சார்ஜ் செய்கிற வகையில் நாலு வாங்கி வையுங்கள்.

நேரம்: யூனிட்டியில் ஓரளவு பழக்கம் இருந்தால் ஒரு சனி ஞாயிறில் கையும் தலையும் அசைந்துவிடும். பார்க்கச் சகிக்கக்கூடியதாக ஆக்க இன்னும் இரண்டு கிழமை ஒதுக்குங்கள். கால்தான் அதில் பாதியைத் தின்னும்.

## 2. அவதாரைத் தெரிவு செய்தல்

கையை இரு பக்கமும் நீட்டி நிற்கும் டி-போஸில் உள்ள உருவமாக எடுங்கள். யூனிட்டியில் இறக்கியபின் `Rig` தாவலில் `Animation Type` என்பதை `Humanoid` ஆக்கி `Configure` அழுத்தினால் எலும்புகள் பச்சையாகத் தெரியும். சிவப்பாக எது நின்றாலும் அதைச் சரிசெய்யாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

இரண்டு விஷயத்தை பிளெண்டரிலேயே முடித்துவிடுங்கள். முழங்கையும் முழங்காலும் ஒரு மயிரிழை மடங்கியிருக்க வேண்டும், முழங்கை பின்பக்கமாக, முழங்கால் முன்பக்கமாக. முழு நேராக இருந்தால் எந்தப் பக்கம் மடிப்பது என்று ஐகேக்குத் தெரியாது. மற்றது தலை. ஹெட்செட் போட்டவரின் கண் அவதாரின் தலைக்குள்ளே இருக்கும், ஆகவே மூக்கும் பல்லும் உள்பக்கமாகத் தெரியும். தலையையும் முடியையும் தனி மெஷ்ஷாகப் பிரித்து, வேறு லேயரில் வைத்து, போட்டவரின் கமராவுக்கு மட்டும் மறையுங்கள். தலை எலும்பின் அளவைப் பூச்சியமாக்குகிற குறுக்குவழியும் உண்டு, ஆனால் வி.ஆருக்குள் வைத்த கண்ணாடியில் பார்க்கும்போது தலையில்லாத அரசன் நிற்பான்.

## 3. உடம்பை அளத்தல்

ஆக முக்கியமான படி இதுதான், ஆனால் வீடியோக்களில் பெரும்பாலும் அரை நிமிடத்தில் கடந்துவிடுவார்கள்.

முதலில் தரை. காட்சியில் கமராவையும் கொன்ட்ரோலர்களையும் தாங்கும் `XR Origin` இல் `Tracking Origin Mode` என்பதை `Floor` ஆக வையுங்கள். பிறகு ஒரு கொன்ட்ரோலரைச் சும்மா தரையில் வைத்து அதன் உயரம் என்ன வருகிறது என்று பாருங்கள். சில சென்ரிமீட்டர் என்றால் சரி. பத்து, பதினைந்து என்று காட்டினால் ஹெட்செட்டுக்குத் தரை எது என்று தெரியவில்லை, அதன் செட்டிங்கில் தரையை மீண்டும் காட்டிக்கொடுங்கள். இது பிழைத்தால் அவதார் எப்போதும் அரைக் குந்தலில் நிற்கும், நீங்கள் முழங்காலோடு மல்லுக்கட்டிக்கொண்டு இருப்பீர்கள்.

அடுத்தது கண் உயரம். நிமிர்ந்து நின்று நேராகப் பார்க்கும்போது ஹெட்செட் காட்டும் உயரம்தான் அது. செயலியில் "அளவெடு" என்று ஒரு பட்டன் வைத்தால், அதை அழுத்தக் கீழே குனிந்து பார்ப்பார்கள், தலை 20 பாகை சாய்ந்தாலே கண் 3 செ.மீ. இறங்கிவிடும். ஆகவே பட்டனை அழுத்தியதும் மூன்று விநாடி எண்ணி, கண் மட்டத்தில் ஒரு புள்ளியைக் காட்டி, அதைப் பார்க்கும்போது ஒரு விநாடிக்கு வரும் அளவுகளின் சராசரியை எடுங்கள்.

கையை நீட்டி டி போல நிற்கச் சொல்லி, மணிக்கட்டிலிருந்து மணிக்கட்டு வரையுள்ள தூரத்தையும் எடுங்கள். தோள் மூட்டு இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தை தையல்கார டேப்பால் அளந்து கழித்து இரண்டால் பிரித்தால் ஒரு கையின் நீளம் வரும்.

எங்கள் கூத்தரசனோடு ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். ஆடுபவரின் கண் உயரம் 160 செ.மீ., அரசனின் கண் உயரம் 176. அவதாரை 160/176, அதாவது 0.909 ஆகச் சுருக்குகிறோம். இப்போது உயரம் பொருந்திவிட்டது. ஆடுபவரின் மணிக்கட்டுத் தூரம் 138, தோள் 34, ஆகவே கை 52 செ.மீ. அரசனின் கை முதலில் 54 இருந்தது, சுருக்கியபின் 49. மூன்று சென்ரிமீட்டர் குறைகிறது. ஆடுபவர் கையை இன்னும் மடக்கி வைத்திருக்கும்போதே அரசனின் கை கம்புபோல் நீண்டு முடிந்துவிடும், கொன்ட்ரோலர் ஓரிடம், அரசனின் கை இன்னோரிடம். உயரத்தை மட்டும் பொருத்திவிட்டு விடுகிற எல்லாரும் இதில்தான் மாட்டுப்படுவார்கள். கை எலும்புகளை ஆறு வீதம் நீட்ட வேண்டும். `VRIK` இல் இதற்கென்றே `Arm Length Mlp` என்ற ஸ்லைடர் இருக்கிறது, இலவச வழியில் பிளெண்டரில் எலும்பை நீட்டித்தான் ஆக வேண்டும். பலபேர் பாவிக்கிற செயலி என்றால் நீளக் கை, நடுக் கை, குட்டைக் கை என்று மூன்று பிரதி வைத்து, கிட்டியதை எடுக்கச் சொல்லுங்கள்.

அவதாரைச் சுருக்காமல் ட்ராக்கிங் வெளியைப் பெரிதாக்கலாம்தானே என்று கேட்பீர்கள். செய்யலாம், ஆனால் போட்டவருக்கு உலகமே கொஞ்சம் சிறுத்துத் தெரியும். அரசனின் கம்பீரத்துக்கு அது சரிவரும், மேசையில் உள்ள பொருளைத் தொடுகிற வேலைக்குச் சரிவராது.

## 4. தலை: கண் வேறு, கழுத்து வேறு

ஹெட்செட் சொல்வது கண் இருக்கும் இடத்தை. அவதாரின் தலை எலும்போ கழுத்தின் உச்சியில் தொடங்குகிறது. கண், அந்தச் சுழலும் இடத்திலிருந்து ஏறக்குறைய 7.5 செ.மீ. மேலேயும் 8 செ.மீ. முன்னாலேயும் இருக்கிறது. இரண்டையும் ஒன்றென்று எடுத்தால் என்ன நடக்கும் என்று பாருங்கள்: ஒருவர் அசையாமல் நின்று தன் காலைப் பார்க்கத் தலையை 60 பாகை குனிகிறார். கழுத்து அப்படியே நிற்கிறது, ஆனால் கண் 11 செ.மீ. அளவு கீழேயும் 2.5 செ.மீ. முன்னேயும் போய்விடுகிறது. அவர் குந்துகிறார் என்று உங்கள் ஸ்கிரிப்ட் நினைத்து முழங்காலை மடக்கும். தன் காலைப் பார்க்கிற ஒவ்வொரு தடவையும் கால் மடங்குவதைப் பார்த்தால் யாருக்கும் அது தன் உடம்பு என்ற நினைப்பு வராது.

திருத்தம் ஒரே வரி. உடம்பை எப்போதும் கழுத்துப் புள்ளியிலிருந்து தொங்கவிடுங்கள்:

```csharp
Vector3 neck = hmd.TransformPoint(new Vector3(0f, -0.075f, -0.08f));
```

`hmd` என்பது மெயின் கமரா. சரிபார்ப்பதும் லேசு: கண்ணாடி முன் நின்று "ஆம், ஆம்" என்று தலையை ஆட்டுங்கள். இடுப்பு ஏறி இறங்கினால் இந்த இரண்டு எண்களையும் சற்றுக் கூட்டிக் குறையுங்கள், இடுப்பு அசையாமல் நிற்கும்வரை.

எலும்புகளை அசைக்கும் ரிக்கைப் போடுவதற்கு, அவதாரைத் தெரிந்துகொண்டு மெனுவில் `Animation Rigging > Rig Setup`. `Rig Builder` தானாக வரும். தலைக்கு ஒரு `Multi-Parent Constraint` போட்டு, ஹெட்செட்டோடு சேர்ந்து அசையும்படி கழுத்துப் புள்ளியில் வைத்த ஒரு டார்கெட்டைக் கொடுங்கள். அது தலை எலும்பை மட்டும்தான் கொண்டுபோகும், உடம்பைக் கழுத்துப் புள்ளிக்குக் கீழே கொண்டுவருவது உங்கள் ஸ்கிரிப்டின் வேலை. அதை மறந்தால் கழுத்து ஒட்டகச்சிவிங்கிபோல் நீளும்.

## 5. கை: கொன்ட்ரோலர் மணிக்கட்டு அல்ல

கைக்கு ஒரு வெற்றுப் பொருளை உருவாக்கி `Two Bone IK Constraint` போட்டு, `Tip` இல் கை எலும்பைக் கொடுத்து, அதன் மெனுவில் `Auto Setup from Tip Transform` அழுத்தினால் மீதி எலும்புகளும், கை போக வேண்டிய இடத்தைச் சொல்லும் டார்கெட்டும், முழங்கை எந்தப் பக்கம் என்று சொல்லும் ஹின்டும் தாமாக வரும்.

கொன்ட்ரோலரிலிருந்து இரண்டு விதமான நிலை கிடைக்கும், ஒன்று உள்ளங்கை பிடித்திருக்கும் இடம், மற்றது சுட்டிக்காட்டும் கதிர் புறப்படும் இடம். உங்களுக்கு வேண்டியது முதலாவது, `devicePosition`, `deviceRotation`. தவறி `pointerPosition` எடுத்தால் கை சற்று முன்னாலும் சாய்ந்தும் நிற்கும், ஏதோ பிழை என்று தெரியும், என்னவென்று பிடிபடாது. அதிலிருந்து மணிக்கட்டு இன்னும் சில சென்ரிமீட்டர் பின்னால் இருக்கிறது. கொன்ட்ரோலருக்குள் ஒரு குழந்தைப் பொருளை வைத்து, அவதாரின் விரல்கள் கொன்ட்ரோலரின் கைபிடியைச் சரியாகப் பிடித்திருப்பதுபோல் தெரியும்வரை நகர்த்தித் திருப்பி, அதையே டார்கெட்டுக்குக் கொடுங்கள். ஒவ்வொரு உருவத்துக்கும் எலும்பின் அச்சு வேறுபடும். 90 பாகைத் திருப்பம் வந்தால் பயப்படாதீர்கள், அது வழமை. வலது கையின் எண்களை அப்படியே இடதுக்குப் போடாமல் கண்ணாடிப் பிம்பமாகப் போடுங்கள்.

உள்ளங்கையைத் திருப்பும்போது மணிக்கட்டில் தோல் முறுக்கிய மிட்டாய் உறைபோல் ஒடுங்கினால் `Twist Correction` போடுங்கள், போதும்.

## 6. முழங்கை

மேற்கை, முன்கை, தோளிலிருந்து மணிக்கட்டு வரையுள்ள தூரம், இந்த மூன்று பக்கமும் தெரிந்தால் ஒரு முக்கோணம் முடிந்தது, முழங்கை எவ்வளவு மடங்க வேண்டும் என்பது பள்ளிக்கூடக் கோசைன் விதியில் வந்துவிடும். வராதது ஒன்றுதான்: அந்த முக்கோணம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது. தோளும் மணிக்கட்டும் அசையாமல் இருக்கும்போதே உங்கள் முழங்கையை மேலும் கீழும் ஆட்டலாம், இப்போதே மேசையில் கையூன்றி ஆட்டிப் பாருங்கள். அதைத் தீர்மானிக்கத்தான் ஹின்ட்.

ஹின்டை நெஞ்செலும்பின் குழந்தையாக வையுங்கள், அவதாரின் வேரில் வைக்காதீர்கள். தோளுக்குக் கீழே, பின்னே, சற்று வெளியே என்பது சாதாரண வேலைக்குச் சரி. ஆனால் எங்கள் அரசன் வாளைத் தலைக்கு மேலே ஓங்குவான், அப்போது உண்மையான ஆளின் முழங்கை வெளிப்பக்கம் பார்க்கும், ஹின்டோ இன்னும் கீழே பின்னே கிடக்கும். தோளையும் கையையும் இணைக்கும் கோடு ஹின்டுக்கு நேராக வரும் அந்தக் கணத்தில் முழங்கை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் பாயும். மணிக்கட்டு தோள் மட்டத்தைத் தாண்டத் தொடங்கியதும் ஹின்டை மெதுவாக வெளிப்பக்கத்துக்கு நகர்த்தினால் இது நின்றுவிடும். உள்ளங்கை எவ்வளவு முறுகியிருக்கிறது என்பதையும் கொஞ்சம் கலக்கலாம், கட்டைவிரல் கீழே பார்க்கும்படி கையைத் திருப்பினால் நமக்கு முழங்கை தானாக உயர்கிறதல்லவா. நான் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கலப்பதில்லை, கூடினால் வாளைச் சுழற்றும்போது முழங்கை கோழிச் சிறகு அடிக்கும்.

அடுத்த தொல்லை, கை நீளும்போது முழங்கை துடிப்பது. மேற்கை 27, முன்கை 25 செ.மீ. என்று எடுங்கள். தூரம் 45இலிருந்து 46 ஆகும்போது முழங்கைக் கோணம் 120 பாகையிலிருந்து 124க்குப் போகிறது. 51இலிருந்து 52க்குப் போகும்போதோ 158இலிருந்து 180, ஒரே சென்ரிமீட்டரில் 22 பாகை. கடைசி ஒரு மில்லிமீட்டர் மட்டும் 7 பாகை தின்கிறது. தோள் எங்கே என்பதே ஊகம், அது சற்று ஆடினாலும் முழங்கை வெட்டி வெட்டி நிமிரும். எல்லைக்குக் கிட்டவரும்போது தூரத்தை மெதுவாக்கிவிடுவதுதான் வழி:

```csharp
float L = upper + fore, ds = 0.03f * L, da = L - ds;
if (d > da) d = da + ds * (1f - Mathf.Exp(-(d - da) / ds));
```

`d` என்பது தோளிலிருந்து டார்கெட் வரையுள்ள தூரம், புதிய `d` வந்ததும் டார்கெட்டை அதே திசையில் அந்தத் தூரத்துக்கு இழுத்து வையுங்கள். மேலே சொன்ன கையில் 52 செ.மீ. நீட்டினால் அவதாரின் கை 51.4இல் நிற்கும், முழங்கை 163 பாகையில் இருக்கும். 6 மி.மீ. குறைவதை யாரும் கவனிக்க மாட்டார்கள், துடிப்பதைக் கண்டிப்பாகக் கவனிப்பார்கள்.

## 7. நெஞ்சு எந்தப் பக்கம் பார்க்கிறது

தலை திரும்பினால் உடனே உடம்பும் திரும்பக் கூடாது. தலைக்கும் நெஞ்சுக்கும் இடையில் 35 பாகை அளவு வரும்வரை நெஞ்சை விட்டுவிடுங்கள், தாண்டினால் மெதுவாகப் பின்தொடரட்டும். இரண்டு கையும் உடம்புக்கு முன்னால், ஒன்றுக்கொன்று 20 செ.மீ.க்கு மேல் விலகி இருந்தால், இடது கையிலிருந்து வலது கைக்குப் போகும் கோட்டுக்குச் செங்குத்தான திசையையும் சேர்த்துக்கொள்ளலாம், ஊகம் நல்லாகவே அமையும்.

பொறி: தலையின் முன்திசையைத் தரையில் விழுத்தித்தான் திசை எடுப்போம். நேரே கீழே பார்த்தால் அந்த நிழல் கிட்டத்தட்டப் பூச்சியமாகிவிடும், அவதார் பம்பரம் சுற்றும். பார்வை மிகவும் கீழே சரிந்திருக்கும்போது தலையின் மேல்திசையை எடுத்து அதைத் தரையில் விழுத்துங்கள்.

## 8. கால்: இங்கே பொய்தான் சொல்ல வேண்டும்

எங்கள் அரசனைப் பார்க்க ஒரு அண்ணாவியாரைக் கூட்டிவந்தோம். திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "கை நல்லா வருது மனே, கால் தாளத்துக்கு நிக்குதில்லையே" என்றார். சதங்கை கட்டிய கால்தான் கூத்து. அதைப் பற்றி இந்த மூன்று கருவிக்கும் ஒன்றுமே தெரியாது. தலை எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதில் மிதிக்கும் வேகம் ஓரளவு பிடிபடும், எந்தக் கால் என்பது பிடிபடாது. ஆகவே உண்மையான காலை மீட்கும் ஆசையை விட்டுவிட்டு, பார்ப்பவர் கண்ணை உறுத்தாத காலைச் செய்யுங்கள்.

இரண்டு காலுக்கும் `Two Bone IK Constraint` போட்டு முழங்காலுக்கு முன்னால் ஹின்ட் வையுங்கள். பாதத்தின் டார்கெட் தரையில் ஒட்டியிருக்க வேண்டும், வழுக்கக் கூடாது. ஒவ்வொரு பாதத்துக்கும் இடுப்புக்கு நேர் கீழே, பக்கவாட்டில் 10 செ.மீ. தள்ளி ஒரு "வீடு" இருக்கட்டும். பாதம் வீட்டிலிருந்து 18 செ.மீ. விலகிவிட்டது, மற்றக் கால் தரையில் நிற்கிறது என்றால் ஓரடி எடுத்து வைக்கச் சொல்லுங்கள்:

```csharp
Vector3 gap = home.position - foot.position;
gap.y = 0f;
if (!moving && !other.moving && gap.magnitude > 0.18f && headRatio > 0.9f)
    StartCoroutine(Step(home.position, 0.28f, 0.06f));
```

`Step` நீங்கள் எழுத வேண்டியது: 0.28 விநாடியில் பாதத்தை வீட்டுக்குக் கொண்டுபோய், நடுவில் 6 செ.மீ. தூக்க வேண்டும், அது முடியும்வரை அந்தப் பாதத்தின் `moving` ஐ `true` ஆக வைத்திருக்கவும் வேண்டும். உடம்பு 45 பாகைக்கு மேல் திரும்பினாலும் ஓரடி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் கால் பின்னிக்கொள்ளும்.

அந்த `headRatio` ஏன் என்று கேட்பீர்கள். இப்போதைய கண் உயரத்தை, நிமிர்ந்து நின்ற கண் உயரத்தால் பிரித்தது அது. தரையில் கிடக்கும் பொருளை எடுக்க ஒருவர் இடுப்பில் வளைந்தால் தலை முன்னே போகும், ஸ்கிரிப்ட் "நடக்கிறார்" என்று நினைத்துக் காலை முன்னே வைக்கும். தலை நன்றாகத் தாழ்ந்திருந்தால் அடி வைக்காதே என்பதுதான் அந்த நிபந்தனை. குந்துகிறாரா வளைகிறாரா என்பதையும் இதேபோல் பிரிக்கலாம். இடுப்பிலிருந்து கண் வரை 75 செ.மீ. உள்ளவர், வளைந்து கண்ணை 30 செ.மீ. தாழ்த்த வேண்டுமென்றால் 53 பாகை சாய வேண்டும், தலை 60 செ.மீ. முன்னே போகும். இடுப்பு பின்னே தள்ளுப்படுவதால் நடைமுறையில் அதைவிடக் குறையும். குந்துபவரின் தலையோ அநேகமாக நேரே கீழே வரும். ஆகவே தாழ்ந்த அளவோடு முன்னே போன அளவையும் பார்த்து, முன்னே அதிகம் போயிருந்தால் முதுகெலும்பைச் சாயுங்கள், இல்லாவிட்டால் முழங்காலை மடக்குங்கள்.

கதிரையில் இருப்பதை மட்டும் எந்தக் கணக்காலும் கண்டுபிடிக்க முடியாது, குந்தலும் அதுவும் தலைக்கு ஒன்றே. ஒரு "இருந்து" பட்டனை வைத்துவிடுங்கள்.

எங்களைக் காப்பாற்றியது கரப்புடுப்புதான். வடமோடி அரசனின் அந்த விரிந்த உடுப்பு தொடையையும் முழங்காலையும் மூடிவிடும், வெளியே தெரிவது கீழ்க்காலும் பாதமும் மட்டும். தாளத்துக்கு, பாதம் அடி வைக்கும் நேரத்தை மத்தளத்தின் தாளக்கட்டோடு பூட்டினோம், ஆடுபவர் அடியை எடுக்கிற கணத்தில் இல்லாமல் அடுத்த தட்டுக்கு அரசனின் கால் விழும். சாறமோ நீளப் பாவாடையோ உடுத்த அவதாருக்கும் உடுப்பு இதே உதவியைச் செய்யும். கட்டைக் காற்சட்டை போட்ட அவதாரை முதல் முயற்சிக்கு எடுக்காதீர்கள்.

காலை இதைவிட நன்றாக ஊகிக்கும் வழிகளும் உண்டு. மனித அசைவுகளின் பெரிய பதிவுத் தொகுப்புகளில் பயிற்றிய நரம்பு வலையமைப்புகள், தலை-கை அசைவிலிருந்து காலை ஊகிக்கின்றன. குவெஸ்டில் மெட்டாவின் மூவ்மென்ட் எஸ்டிகே என்ற நிரல் தொகுப்பு கால்களை உருவாக்கித் தருகிறது, குவெஸ்ட் 3இல் ஹெட்செட்டின் கமராக்களே மேலுடம்பையும் பார்க்கின்றன. நடை, நிற்றல், குந்தல் எல்லாம் அழகாக வரும். ஆனால் பழகியதைத்தான் அவை தரும், கூத்தின் மிதி அதில் வராது.

## 9. ஓடும் வரிசையும் சோதனையும்

ஒவ்வொரு ஃப்ரேமிலும் வரிசை இப்படி இருக்க வேண்டும்: ஹெட்செட், கொன்ட்ரோலர் நிலைகள், பிறகு கழுத்தும் உடம்பின் வேரும், பிறகு நெஞ்சின் திசை, ஹின்ட், பாதம், கடைசியில் ரிக். உங்கள் ஸ்கிரிப்டை `LateUpdate` இல் போட்டால் ரிக் அதற்கு முன்பே ஓடி முடிந்திருக்கும், எல்லாம் ஒரு ஃப்ரேம் பிந்தும். 72 ஹேர்ட்ஸில் ஒரு ஃப்ரேம் 14 மில்லிவிநாடி, வாள் வீசும் கை விநாடிக்கு 2 மீட்டர் போனால் அவதாரின் கை கிட்டத்தட்ட 3 செ.மீ. பின்னால் இழுபடும். `Update` இல் போட்டு, ஹெட்செட், கொன்ட்ரோலர் நிலைகளைக் கொண்டுவரும் `Tracked Pose Driver` க்குப் பின்னால் ஓடும்படி கிளாஸுக்கு மேலே `[DefaultExecutionOrder(100)]` எழுதுங்கள்.

ஹெட்செட் ஒன்றுதான் இருக்கிறது, அதையும் நாலு பேர் மாறி மாறி எடுக்கிறார்கள் என்றால் `XR Device Simulator` ஐப் போட்டுக்கொள்ளுங்கள், மவுஸாலும் கீபோர்டாலும் தலையையும் கையையும் அசைக்கலாம். கரண்ட் போய் லப்டொப் பற்றரியில் ஓடும்போதும் ஹின்ட் பாய்வதை அதிலேயே பிடித்துவிடலாம். ஆனால் அளவெடுப்பதும் மணிக்கட்டுத் திருத்தமும் உண்மையான ஹெட்செட்டில்தான்.

சோதிக்கும்போது வி.ஆருக்குள் ஒரு பெரிய கண்ணாடி வைத்து, ஒரே வரிசையில் செய்யுங்கள்: தலையாட்டல், கால் பார்த்தல், கையை முழுக்க நீட்டல், தலைக்கு மேல் ஓங்கல், கையை முதுகுக்குப் பின்னே கொண்டுபோதல், பக்கவாட்டில் ஓரடி, முழுச் சுற்று, குந்தல், வளைதல். கை முதுகுக்குப் பின்னே போனதும் கமராக்களுக்குக் கொன்ட்ரோலர் மறைந்து அதன் நிலை மிதக்கத் தொடங்கும். அப்போது அவதாரின் கை எங்கோ பறந்தால் `isTracked` பார்த்து, அது பொய்யானதும் கடைசியாகத் தெரிந்த இடத்திலிருந்து கையை அரை விநாடியில் இடுப்புப் பக்கம் இறக்கிவிடுங்கள். கண்ணாடி, சோதனை முடிந்ததும் எடுத்துவிட வேண்டிய பொருள், காட்சி முழுவதையும் அது இன்னொரு தடவை வரைகிறது, குவெஸ்டில் வேகம் அதனாலேயே விழும்.